சின்ன பிளாட்டில கதவு சென்சர்: ஜிக்பீயா வைஃபையா?

நல்லூர்ப் பக்கம் மாடியில ரெண்டு அறை, ஒரு ஹோல், குசினி உள்ள ஒரு பிளாட் எண்டு வையுங்கோ. ரவுட்டர் ஹோலில, முன்கதவுக்கு ஒரு சென்சர், குசினிப் பின்கதவுக்கு இன்னொண்டு, இடையில பாத்ரூம் சுவர். இந்த அளவு வீட்டில, சென்சர் மாதிரிச் சின்னச் சாமான்கள் கதைக்கிற ஜிக்பீ எண்ட ரேடியோ நல்லமோ வைஃபை நல்லமோ எண்டு கேக்கிற ஆக்கள் எல்லாம் முதல்ல ரேஞ்சைத்தான் கேக்கினம், ஆனா ரெண்டும் ஓடுறது அதே 2.4 கிகாஹேட்ஸில, கொங்கிரீட்டும் இரும்புக் கிறிலும் ரெண்டையும்தான் மறிக்கும். வைஃபைக்கு பவர் கூட, ஜிக்பீ மெதுவா 250 கிலோபிட்டில கதைக்கிறதால மெல்லிய சிக்னலையும் பிடிச்சுக்கொள்ளும், அதால உப்பிடிச் சின்ன வீட்டில பெரிய வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் தெரியிறது சிக்னல் அரைகுறையா வாற இடத்தில. வைஃபை சென்சர் முழு நித்திரையில கிடக்கும், கதவு திறந்தவுடன எழும்பி ரவுட்டரைத் தேடி, பாஸ்வேர்ட் குடுத்து, ஐபி எடுத்து, பிறகு கிளவுட்டுக்குச் சொல்லி திரும்பப் படுக்கும். இதுக்கு சில செக்கன் போகும், அந்த நேரம் முழுக்க நூறு மில்லிஅம்பியருக்கு மேல இழுக்கலாம். பாத்ரூம் சுவருக்குப் பின்னால இருக்கிற குசினிக்கதவில அது திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், செய்தி கடைசியில வந்து சேரலாம், ஆனா பற்றரி கரையும். ரெண்டு கதவும் ஒரே அளவு திறபட்டும் குசினிச் சென்சருக்கு மட்டும் பற்றரி கெதியா முடியுது, நோட்டிபிகேஷனும் பிந்தி வருதெண்டால் அது பெரும்பாலும் ரேஞ்ச் பிரச்சினைதான், சென்சர் பழுதா இராது.

ஜிக்பீ சென்சர் ஒவ்வொரு தரமும் புதுசா உள்ள வராது. ஏற்கனவே சேர்ந்த நெட்வேர்க்கில இருந்துகொண்டு ஒரு சின்னப் பாக்கெட்டை அனுப்பிப்போட்டு படுத்திடும், அதாலதான் ஒரு காசு பற்றரியில அவ்வளவு நாள் ஓடுது.

இப்ப மெஷ், அதாவது ஒரு சாமான் மற்றதின்ர செய்தியைக் கடத்திக் குடுக்கிறது. கனபேர் நினைக்கிறது ரெண்டு மூண்டு சென்சர் போட்டா அதுகள் ஒண்டுக்கொண்டு கைகுடுக்கும் எண்டு. இல்லை. பற்றரியில ஓடுற சென்சர் மற்றதின்ர செய்தியைக் கடத்தாது, நித்திரையில இருக்கிறது எப்பிடிக் கடத்தும். கடத்துறது கரண்டில ஓடுற ஜிக்பீ பிளக், பல்ப் மாதிரியான சாமான்கள்தான். குசினியில பிரிஜ்ஜுக்கு ஒரு ஜிக்பீ பிளக் போட்டா, கதவுச் சென்சர் சுவரைத் தாண்டி, ஹோலில கம்பியூட்டரோட இணைச்சிருக்கிற ஜிக்பீ டொங்கிள் வரை கத்தத் தேவையில்லை, பக்கத்தில இருக்கிற பிளக்குக்குச் சொன்னாக் காணும்.

ஆனா சென்சர் தன்ர செய்தியைக் குடுக்க முதல்ல பிடிச்ச தாயை, அதாவது பிளக்கையோ டொங்கிளையோ, லேசில விடாது. ஹோலில வைச்சு நெட்வேர்க்கில சேர்த்துப்போட்டு குசினியில கொண்டுபோய் ஒட்டினா, கிட்ட பிளக் இருந்தும் அது டொங்கிளோடயே தொங்கிக்கொண்டு நிக்கலாம். ஜிக்பீ சாமான்களைக் கம்பியூட்டரில இருந்து நடத்த Zigbee2MQTT எண்ட மென்பொருள் பாவிக்கிற ஆக்கள் `Map` பக்கத்தில பாருங்கோ, சென்சரில இருந்து கோடு எங்க போகுது எண்டு. டொங்கிளுக்குப் போகுதெண்டால் `Permit join` இல அந்தப் பிளக்கை மட்டும் தெரிவு செய்து, சென்சரை அது இருக்கப்போற கதவிலயே வைச்சு திரும்பச் சேருங்கோ.

எங்கட வீடுகளில இன்னொரு வில்லங்கம் சுவர் சொக்கெற்றில இருக்கிற சுவிச். அம்மா பிரிஜ் கழுவ எண்டு அதை ஓஃப் பண்ணினா மெஷ்ஷும் அதோட போகும். கரண்ட் போனாலும் அதே கதைதான், டொங்கிள் யூபிஎஸ்ஸில உயிரோட இருக்கும், பிளக் செத்திடும், சென்சர் தாயில்லாமல் நிக்கும். நல்ல சென்சர் வேற தாயைத் தேடிப்பிடிக்கும், சிலது கரண்ட் வந்தபிறகும் ஒரு பட்டன் அமத்தும் வரைக்கும் சத்தமில்லாமக் கிடக்கும். இதில மோசம் என்னெண்டால் பேசாமக் கிடக்கிற சென்சரை Zigbee2MQTT, `availability` எண்ட வசதியைப் போட்டிருந்தாலும், சாதாரணமா 25 மணித்தியாலம் கழிச்சுத்தான் ஓஃப்லைன் எண்டு காட்டும்.

வைஃபைக்கு இந்தத் தாய்ப் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு தரமும் நேர ரவுட்டரிட்டத்தான் போகுது, ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் இருந்து லைனும் வேலை செய்தா கரண்ட் இல்லாமலும் செய்தி வரும். ஆனா குசினிக்கு ரேஞ்ச் கூட்ட வேணுமெண்டால் எக்ஸ்டெண்டரோ மெஷ் வைஃபையோ வாங்க வேணும், அது ஒரு பிளக்கை விட விலை கூடலாம்.

இந்த பிளாட்டுக்கு நான் போடுறது ஜிக்பீ. டொங்கிளை ஒரு யூஎஸ்பி நீட்டு வயரில ரவுட்டரில இருந்தும் கம்பியூட்டரில இருந்தும் கொஞ்சம் விலத்தி, ரெண்டு கதவுக்கும் நடுவில வைப்பன். வைஃபையை சனல் 1 இல நிப்பாட்டி, ஜிக்பீயை 25 இல விடுவன், ரெண்டும் முட்டாது. முதல்ல பிளக் இல்லாமலே குசினிக்கதவைத் திறந்து மூடிப் பாப்பன். நேர டொங்கிளுக்கு ஒழுங்கா வந்தா பிளக்கே வேண்டாம், கரண்ட் போனாலும் ஒண்டும் மாறாது. வராட்டித்தான் பிளக், அதையும் ஒருத்தரும் சுவிச்சில கைவைக்காத சொக்கெற்றில. மாதத்தில ரெண்டு தரம் திறபடுற ஸ்டோர் கதவு ஒண்டு மட்டும், அதுவும் ரவுட்டருக்குப் பக்கத்தில எண்டால், டொங்கிளுக்குக் காசு குடுக்காம வைஃபைச் சென்சர் ஒண்டை வாங்கிப் போடுங்கோ.