இருபது பிள்ளைகள், இருபது வளைவுகள்

ஐந்தாம் வகுப்புக்கு இரண்டு நாடகம் எழுதிப் பார்த்தேன். முதலாவது அரசவை வழக்கு. ராஜா, மந்திரி, வழக்காடும் இருவர் என நான்கு பேரே பேசித் தீர்த்துவிடுகிறார்கள். மீதி 16 பேர் காவலராக நின்று நெளிய வேண்டியதுதான். ராஜாவுக்குக் காய்ச்சல் வந்தால் நாடகமே போச்சு.

இரண்டாவது, சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பேருந்து. அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வகுப்பிலும் 20 பேர். ஆளுக்கொரு வளைவு, ஒரு வரி. "என் மேல சிப்ஸ் கவர் விழுந்துச்சு" என்று ஒன்று சொல்ல, "அதைக் குரங்கு தின்னுச்சு" என்கிறது அடுத்தது. குப்பையை வீசாதே என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே சிக்கல், யார் முறை என்பது மறந்துபோகும். அதற்கு அட்டைப் பேருந்து ஒன்று செய்து கைமாற்றினேன். பேருந்து யார் கைக்கு வருகிறதோ அவர் பேசுவார். ஒருவர் வராவிட்டால் பக்கத்து வளைவு அந்த வரியையும் சேர்த்துச் சொல்லிவிடும்.