மூன்று மணி நேரக் கச்சேரி, பாடியது 80 நிமிடம்: 14,000 ரூபாய் கூடுதலாகப் பறித்தார்கள்

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் தங்கையின் ரிசப்ஷன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கல்யாண வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு இணையதளம் வழியாக ஆர்கெஸ்ட்ரா பேசினேன். குழுவை நடத்துபவர் வீட்டுக்கே வந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, "நம்ம தங்கச்சி கல்யாணம் மாதிரி நினைச்சுக்கோங்கண்ணே, எழுத்தெல்லாம் எதுக்கு" என்றார். அந்தப் பேச்சில்தான் விழுந்தேன். "சவுண்டோட 3 மணி நேரம், 55,000" என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. 25,000 அட்வான்ஸ் கொடுத்தேன்.

அன்று 6.30க்கு வந்து சாமான்களை இறக்கினார்கள். உடனே முதல் அடி. "மண்டபம் பெரிசு, இந்த ரெண்டு பாக்ஸ் பத்தாது. பேஸ் பாக்ஸும் மேடையில மானிட்டரும் வேணும்னா 8,000 தனி." சொந்தக்காரர்கள் வந்து உட்கார ஆரம்பித்துவிட்ட நேரம். என்ன செய்வேன், சரி என்றேன். டிரம்மர் வரவில்லை, ரிதம் பேடில் சமாளித்தார்கள். மைக் செக் முடிந்து முதல் பாட்டு தொடங்கும்போது மணி 7.25. நடுவில் டீக்கு 20 நிமிடம், சாப்பாட்டுக்கு 25 நிமிடம். அந்த நேரத்தில் ஒரு பாட்டுகூட ஓடவில்லை.

9.30க்கு டக்கென்று நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் நண்பர்கள் அப்போதுதான் ஆட ஏறியிருந்தார்கள். "வண்டி வந்ததிலிருந்து 3 மணி நேரம் ஆச்சுண்ணே. இனி ஓவர்டைம், மணிக்கு 6,000." பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், மண்டபத்திலும் அணைத்துவிடுவார்கள். அதனால் கிடைத்தது அரை மணி நேரம்தான், கொடுத்தது முழு 6,000. கேட்டால், அரை மணியும் ஒரு மணிக்கணக்குதானாம்! மீதி 30,000-ஐயும் வாங்கிக்கொண்டுதான் வயரைச் சுருட்டினார்கள். 55,000 பேசி 69,000 கொடுத்தேன். 14,000 ரூபாய்!

மறுநாள் போன் செய்தால், "பாக்ஸ் காசு சவுண்டுக்காரர் வாங்கினது, அவர்கிட்ட கேளுங்க" என்கிறார். சவுண்டுக்காரர், "நான் அவர்கிட்ட கூலிக்கு வந்தவன்" என்கிறார். இணையதளத்தில் கேட்டால், "நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்கிறோம்." இன்று காலையிலிருந்து குழுவை நடத்துபவர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

என்னென்ன எழுதி வாங்க வேண்டும் என்று விரிவாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள். நேரம் முதல் பாட்டிலிருந்தா, வண்டி வந்ததிலிருந்தா என்று எழுதி வாங்குங்கள். இடைவேளை எத்தனை நிமிடம், அது அந்த 3 மணி நேரத்தில் சேருமா என்றும் கேளுங்கள். ஓவர்டைமை அரை மணிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். "சவுண்டோட" என்றால் எத்தனை பாக்ஸ், எத்தனை மைக் என்று எண்ணிக்கை வேண்டும், அதுவும் அவர் மண்டபத்தை வந்து பார்த்த பிறகு. வாசிக்க வருபவர்கள் யார் யார் என்பதும் அதில் இருக்கட்டும். டிஜே பேசினாலும் இதே கதைதான்.

கட்டைவிரலை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.