இரவு 11 மணிக்கு மேல்: விளையாட்டின் இரவு அமைப்பா, சவுண்ட்பாரின் நைட் மோடா?

தெம்பனிஸில் எங்கள் நான்கறை வீட்டில், வரவேற்பறைத் தொலைக்காட்சி மாட்டிய சுவருக்கு மறுபுறம்தான் அம்மாவின் கட்டில் கிடக்கிறது. மகள் தூங்கிய பிறகு நான் வீடியோ கேம் விளையாட உட்காரும்போது மணி 11ஐத் தாண்டிவிடும். கதாபாத்திரங்கள் பேசுவது காதில் விழவில்லை என்று ஒலியைக் கூட்டுவேன். அடுத்த காட்சியில் ஒரு லாரி வெடிக்கும். அம்மா விழித்துக்கொள்வார், அதன் பிறகு விடியும்வரை அவருக்குத் தூக்கம் வராது.

ஒலியை மொத்தமாகக் குறைத்தால் வெடிச்சத்தத்தோடு பேச்சும் காணாமல்போகும். குறைக்க வேண்டியது இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஒலிவீச்சைச் சுருக்குவது என்பது அதைத்தான். பேச்சு உச்ச அளவுக்கு 30 டெசிபெல் கீழேயும் வெடிச்சத்தம் 6 டெசிபெல் கீழேயும் இருப்பதாக வைத்துக்கொள்வோம், இடைவெளி 24. பேச்சின் அளவையே வரம்பாக வைத்து, அதைத் தாண்டும் ஒவ்வொரு 4 டெசிபெல்லையும் 1 ஆகச் சுருக்கினால் இடைவெளி 6 ஆகிவிடும். பேச்சு இருந்த இடத்திலேயே நிற்க, வெடிச்சத்தம் மட்டும் 18 டெசிபெல் இறங்கும்.

இந்த வேலையை விளையாட்டுக்குள்ளேயே செய்யலாம், சவுண்ட்பாரிலும் செய்யலாம். இரண்டும் ஒன்றல்ல. மழையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்க, பின்னால் லாரி வெடிக்கும் அதே காட்சியை இரண்டு வழியிலும் ஓடவிட்டுக் கேட்டேன். சவுண்ட்பாரின் நைட் மோடில், வெடித்த கணத்தில் பேச்சும் மழையும் சேர்ந்து அமுங்கின. பிறகு மழைச்சத்தம் அலை ஏறுவதுபோல் மெல்ல மேலே வந்தது. சவுண்ட்பாருக்குக் கிடைப்பது எல்லாம் கலந்து முடிந்த ஒலி. எது பேச்சு, எது வெடி என்று அதற்குத் தெரியாது. உரத்த ஒலி வந்தால் மொத்தத்தையும் அழுத்தும், பிறகு கையை எடுக்கும். விளையாட்டின் ஒலி இயந்திரத்திலோ பேச்சு, இசை, ஆயுதம், சுற்றுப்புறம் எல்லாம் தனித்தனித் தடங்களாக இருக்கின்றன. கலக்கும் முன்பே வெடியைத் தனியாக இறக்கிவிட அதனால் முடியும். நான் விளையாடும் விளையாட்டில் பேச்சு அசையவே இல்லை.

ஆகவே ஒலி அமைப்புப் பட்டியலில் இரவு முறையோ குறுகிய ஒலிவீச்சோ இருந்தால் முதலில் அதையே தேர்ந்தெடுங்கள். அப்போது சவுண்ட்பாரின் நைட் மோடை அணைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அருகில் வரும் காலடியும் தூரத்துக் காலடியும் ஒரே அளவில் கேட்கும். எதிரி எங்கே என்று பிடிபடாது.

விளையாட்டில் அந்த வசதி இல்லையென்றால் சவுண்ட்பார்தான் கைகொடுக்கும். ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல ரிசீவர்களில் உள்ள சுருக்க வசதி, டால்பி ஒலியோடு வரும் குறிப்புத் தரவை நம்பி இயங்குவது. பிளேஸ்டேஷன் 5 போன்றவை, குறியாக்கம் செய்யாத பிசிஎம் முறையில் ஒலியை அனுப்பும்போது அந்தக் குறிப்பு வராது. பட்டியலில் அந்த வரி மங்கிக் கிடக்கும், அல்லது போட்டாலும் அணைத்தாலும் ஒலி மாறாது. இதற்காகவே கன்சோலை டால்பிக்கு மாற்றினால், ஒலியைக் குறியாக்கிப் பிரிக்கும் நேரம் சேர்ந்து, துப்பாக்கி விசைக்கும் சத்தத்துக்கும் நடுவே தாமதம் கூடும். எந்த ஒலியிலும் வேலை செய்யும் தனி இரவு வசதி உங்கள் ரிசீவரில் இருக்கிறதா என்று பார்ப்பதே நல்லது. விண்டோஸ் கணினியில் `mmsys.cpl` திறந்து, ஒலிபெருக்கியின் பண்புகளில் `Loudness Equalization` இருந்தால் அதுவும் இதே வகைதான். சில இயக்கிகளில் அது இருக்காது.

விளையாட்டின் இரவு முறை, சவுண்ட்பாரின் நைட் மோட் இரண்டுமே தீர்க்காத ஒன்று, தாழ்ந்த உறுமல். வண்டி இயந்திரத்தின் தொடர் முழக்கம் பெரும்பாலும் சுருக்கத்தின் வரம்பைத் தாண்டுவதில்லை. சுருக்கம் அதைத் தொடாமலே விட்டுவிடும். பேச்சுக்காக ஒலியைக் கூட்டினால் அதுவும் கூடும், வீவக வீட்டின் கான்கிரீட் வழியாகக் கீழ்வீட்டுக்கும் போகும். கைப்பேசியின் ஒலிமானியை நம்பி நான் ஏமாந்தேன். அத்தகைய செயலிகள் வழக்கமாகப் பயன்படுத்தும், காதின் உணர்வுக்கேற்ப அளவைத் திருத்தும் ஏ எடையிடல், 50 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியை ஏறக்குறைய 30 டெசிபெல் குறைத்தே காட்டும். எண் சாதுவாக இருக்கும், சுவர் அதிரும். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். பிறகு படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று கேளுங்கள். இப்போது நான் 10 மணிக்கே சப்வூஃபரின் மின்செருகியைக் கழற்றிவிடுகிறேன்.

ஹெட்போன் இவை எல்லாவற்றையும்விட அமைதியானது. போட்டி விளையாட்டுக்கு அதுதான் சரி, சுருக்கமும் தேவைப்படாது. ஆனால் அம்மா இரவில் தண்ணீர் கேட்டுக் கூப்பிடுவார். அந்தக் குரல் என் காதுக்கு எட்ட வேண்டும். அதனால்தான் ஒலிபெருக்கியோடு இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.