ஒரே விலையில் இரண்டு லேப்டாப்

அக்கா மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்ததும், தேடித்தேடி கடைசியில் இரண்டு லேப்டாப்பில் வந்து நின்றோம். விலை ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவதில் 8 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, 42 வாட்-அவர் பேட்டரி. இரண்டாவதில் 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 57 வாட்-அவர் பேட்டரி. முதலாவதன் மூடியில் இருந்த பெயர் அக்காவுக்குப் பிடித்திருந்தது. பெண்ணுக்கு அந்த 1 டிபி மேல் கண். நான் கேட்டது ஒன்றுதான்: இதில் எதைப் பிறகு மாற்ற முடியும்?

முதலில் ரேம். விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே மூன்று, நான்கு ஜிபியை எடுத்துக்கொள்ளும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் திரைக்கு வேண்டியதும் அதே ரேமிலிருந்துதான் போகும். மிச்சத்தில் குரோமில் இருபது டேப், கூடவே ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, அதன் எமுலேட்டர் என்று திறந்தால் 8 ஜிபி நிரம்பிவிடும். இடம் போதாமல் விண்டோஸ் எஸ்எஸ்டியைத் துணை ரேமாக எடுத்துக்கொள்ளும். அது ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. டேப் மாற்றினால் திரை ஒரு கணம் உறைந்து நிற்பது அதனால்தான்.

கடையில் வைத்திருந்த மெஷினில் Ctrl+Shift+Esc அழுத்தி, Performance பக்கத்தில் Memory-யைத் திறந்தேன். முதலாவதில் Form factor என்ற இடத்தில் Row of chips என்றிருந்தது. அதாவது ரேம் போர்டிலேயே பற்றவைத்தது. கூடுதல் ஸ்லாட்டும் கிடையாது. கடைசி வருஷ பிராஜெக்ட் வரை 8 ஜிபியோடுதான் ஓட்ட வேண்டும்.

ஸ்டோரேஜ் அப்படியில்லை. 512 ஜிபி என்பதை விண்டோஸ் 476 என்று காட்டும். கணக்கிடும் முறை வேறு, ஏமாற்று இல்லை. நிரம்பினால் எம்.2 எஸ்எஸ்டியைக் கழற்றிப் பெரியதாக மாற்றலாம். அதனால் 1 டிபியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேட்டரிக்கு, பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கை நம்ப வேண்டாம். திரை வெளிச்சத்தைக் குறைத்து வீடியோ ஓட்டிப் பார்த்த கணக்காக இருக்கும். வாட்-அவரைச் செலவாகும் வாட்டால் வகுத்தால் போதும். நோட்ஸ், பிரவுசர், கொஞ்சம் கோடிங் என்றால் சராசரி 8 வாட் என்று வைப்போம். 42 வாட்-அவருக்கு ஐந்தேகால் மணி நேரம், 57-க்கு ஏழு மணி நேரம். இரண்டு வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்தாலும் இரண்டாவது ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். முதலாவது நான்கைத்தான் தாண்டும். தேய்மானத்தைப் பார்க்க ஒரு கமாண்ட் போதும்:

```
powercfg /batteryreport
```

உருவாகும் அறிக்கையில் DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY இரண்டையும் ஒப்பிட்டால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும்.

இரண்டாவதைத்தான் வாங்கினோம். முதலாவதைவிட அது முந்நூறு கிராம் கூட. பை கனக்கிறது என்று பெண் இன்னும் முணுமுணுக்கிறாள். ஆனால் சார்ஜரை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறாள்.