கைப்பில்லா, கம்ப்யூட்டர் பில்லா?

கடைக்காரர் முதல் கம்ப்யூட்டர் பில்லை நீட்டியதும் ஒரு பெரியவர், "என்னப்பா, சோப்புன்னே எங்கேயும் இல்லையே?" என்று கேட்டார், அது நியாயமான கேள்வி, ஏனென்றால் குறுகலான தாளில் பொருளின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. கைப்பில்லில் இந்தச் சிக்கல் கிடையாது, பழகிய எழுத்து, கார்பன் நகலும் உண்டு. கடைக்காரர் அன்றிரவே பெயர்களைச் சுருக்கி, 'சோப்பு' முதலில் வரும்படி மாற்றினார்.

அடுத்த முறை அதே பெரியவர் வரிவரியாகப் படித்து, "மூணுதானே வாங்கினேன், நாலுன்னு இருக்கே" என்று கண்டுபிடித்தார். அந்தக் கடையின் கைப்பில்லில் பொருளும் தொகையும் மட்டுமே இருக்கும், எண்ணிக்கை தனியாக இருக்காது, அதனால் இந்தப் பிழை தப்பியிருக்கும். கடைக்காரர் பில் எண்ணைத் தட்டித் திருத்தி, புதுசாக அச்சிட்டுக் கொடுத்தார். அதிலிருந்து பெரியவர் கேட்டு வாங்குவது அச்சுப் பில்தான். ஒரே குறை, இந்தப் பில் அச்சாகும் வெப்பத்தாள் வெயில் பட்டால் மங்கிவிடும், நாள்பட வைத்திருக்க வேண்டியதை நகலெடுத்துக்கொள்ளணும்.