அறை கூடினால் வீட்டு விலை குறையுமா? LINEST-க்கு மூன்று வழிகளில் கொடுத்துப் பார்த்த ஒரே அட்டவணை

பண்டாரவளை, ஹட்டன் பக்கம் வீடு பார்க்கப் போனால் தரகர் முதலில் சொல்வது அறைக் கணக்கைத்தான். "நாலு ரூம் வீடு, அதான் இந்த விலை" என்பார். வாங்குபவர் சதுர அடியைக் கேட்பார். கூட வந்த மாமா சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கட்டி எத்தனை வருஷம்?" என்பார். மூன்று கேள்விகளும் நியாயமானவைதான். ஆனால் மூன்றையும் ஒன்றாக ஒரு கணக்கில் போட்டால் விடை எப்போதும் தெளிவாக வராது. சில நிரல்களிலிருந்து இன்னொரு நிரலைக் கணிக்கும் நேர்கோட்டுச் சமன்பாட்டைத் தருவது எக்செலில் உள்ள LINEST சூத்திரம். அதை வைத்து மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்: பரப்பும் வயதும், வயதும் அறைகளும், பிறகு மூன்றும் சேர்த்து.

கீழே உள்ளவை இந்த விளக்கத்துக்காக நான் அமைத்த பயிற்சி எண்கள். இவற்றைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அறை என்றால் படுக்கையறை மட்டும். விலை இலட்சம் ரூபாயில் இருக்கிறது. முதல் வரியில் தலைப்பு வைத்து, B முதல் E வரையான நிரல்களில் இட்டுக்கொள்ளுங்கள்.

```
பரப்பு,வயது,அறை,விலை
700,30,2,98
800,12,2,124
900,25,3,126
1000,8,3,148
1000,22,2,143
1100,35,3,125
1200,5,3,186
1300,28,4,164
1400,15,4,180
1600,20,4,206
```

பலரும் கைக்கணக்காகச் செய்வது, மொத்த விலையை மொத்தப் பரப்பால் வகுப்பது. 1500 இலட்சத்தை 11,000 சதுர அடியால் வகுத்தால் சதுர அடிக்கு 13,600 ரூபாய் சொச்சம் வருகிறது. அதை வைத்து ஆறாவது வீட்டுக்கு, அதாவது 1100 சதுர அடி உள்ள 35 வருட வீட்டுக்கு, விலை போட்டால் 150 இலட்சம். அட்டவணையில் இருப்பதோ 125. ஏழாவது வீடு கட்டி 5 வருடம்தான் ஆகிறது. அதற்கு 164 வருகிறது, உண்மையில் 186. பழைய வீட்டுக்குக் கூடவும் புது வீட்டுக்குக் குறைத்தும் சொல்கிற கணக்கு இது. வயதைக் கணக்கில் சேர்க்காததுதான் காரணம். இந்த வழியை இதோடு விட்டுவிடலாம்.

முதலில் பரப்பும் வயதும்:

```
=LINEST(E2:E11,B2:C11,TRUE,TRUE)
```

புதிய எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் விடை தானாகவே பக்கத்துக் கட்டங்களுக்குப் பரவும். பழைய எக்செல் என்றால் ஐந்து வரி, மூன்று நிரல் அளவுக்குக் கட்டங்களைத் தெரிவுசெய்துகொண்டு, சூத்திரத்தைத் தட்டி Ctrl+Shift+Enter அழுத்த வேண்டும். கீழ் வரிகளில் சில கட்டங்களில் #N/A தெரியும். அங்கே சொல்ல எதுவும் இல்லை என்பதுதான் பொருள், பிழை அல்ல.

முதல் வரியில் வருவது: -1.207, 0.1058, 57.74.

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். குணகம் என்பது சமன்பாட்டில் ஒவ்வொரு நிரலையும் பெருக்க வேண்டிய எண். LINEST குணகங்களைத் தலைகீழ் வரிசையில் தருகிறது. நாம் பரப்பை முதலிலும் வயதை இரண்டாவதாகவும் கொடுத்தோம். அது வயதை முதலில் தருகிறது, பிறகு பரப்பு, கடைசியில் மாறிலி. இதைக் கவனிக்காமல் படித்தால் "ஒரு சதுர அடி கூடினால் விலை ஒரு இலட்சத்துக்கு மேல் குறையும்" என்று வாசித்துவிடுவோம். ஆகவே விடை வந்ததும், எந்த எண் எந்த நிரலுக்கு உரியது என்று மேலே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இனி இதைப் பேச்சு வழக்கில் படிப்போம். ஒரே வயதுள்ள இரண்டு வீடுகளில் ஒன்று ஒரு சதுர அடி பெரிதாக இருந்தால், அதன் விலை சராசரியாக 0.1058 இலட்சம், அதாவது சுமார் 10,600 ரூபாய் கூடுதல். ஒரே பரப்புள்ள இரண்டு வீடுகளில் ஒன்று ஒரு வருடம் பழையதாக இருந்தால், சராசரியாக சுமார் 121,000 ரூபாய் குறைவு. "ஒரே வயதுள்ள", "ஒரே பரப்புள்ள" என்ற சொற்களை விட்டுவிட்டால் இந்த எண்களுக்கு அர்த்தமே மாறிவிடும். அறைகளைச் சேர்க்கும்போது அது கண்முன்னால் தெரியும்.

இரண்டாவது வரியில் ஒவ்வொரு குணகத்துக்கும் அதன் நியம வழு இருக்கிறது. வேறு பத்து வீடுகளை எடுத்திருந்தால் இந்த எண் எவ்வளவு ஆடியிருக்கும் என்பதன் அளவு அது. பரப்புக்கு 0.0076, வயதுக்கு 0.215. குணகத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் சிறியவை. மூன்றாவது வரியின் முதல் எண் ஆர்-ஸ்கொயர், 0.9725. வீட்டுக்கு வீடு விலை மாறுவதில் எவ்வளவு பங்கைச் சமன்பாடு விளக்குகிறது என்பது அது. அதற்குப் பக்கத்தில் உள்ள 6.32 எனக்கு அதைவிட முக்கியம். இந்தச் சமன்பாடு ஒரு வீட்டின் விலையில் வழக்கமாக ஏறத்தாழ 6.3 இலட்சம் அளவுக்குத் தவறும் என்று அது சொல்கிறது.

சரி, தரகர் சொன்ன வழியையும் பார்ப்போம். பரப்பை விட்டுவிட்டு வயதும் அறைகளும்:

```
=LINEST(E2:E11,C2:D11,TRUE,TRUE)
```

இப்போது அறைக்கு 30.58, வயதுக்கு -1.53. ஒரே வயதுள்ள வீடுகளில் அறை ஒன்று கூடினால் 30 இலட்சத்துக்கு மேல் கூடுதல். தரகர் சொன்னது சரி என்று தோன்றும். ஆனால் கணக்கின் வழக்கமான தவறு 18.5 இலட்சத்துக்கு ஏறிவிட்டது, முதல் வழியைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நாலு அறை வீடு பெரிய வீடாகவும் இருக்கிறது. பரப்பு அட்டவணையில் இல்லாததால், அதன் விலையையும் சேர்த்து அறைதான் சுமக்கிறது.

அப்புறம் மூன்றையும் சேர்த்தால், பழைய எக்செலில் இம்முறை நாலு நிரல் தெரிவுசெய்து:

```
=LINEST(E2:E11,B2:D11,TRUE,TRUE)
```

முதல் வரி: -5.07, -1.17, 0.1190, 57.63. தலைகீழாகப் படித்தால் பரப்புக்கு 0.1190, வயதுக்கு -1.17, அறைக்கு -5.07. சற்று முன் 30 இலட்சம் கூட்டிய அதே அறை இப்போது 5 இலட்சம் குறைக்கிறது. தரவு மாறவில்லை, ஒரு வீடுகூட மாறவில்லை. கேள்விதான் மாறியிருக்கிறது.

முன்பு கேட்டது, "நாலு அறை வீடு மூன்று அறை வீட்டைவிட எவ்வளவு கூட?" என்பது. இப்போது கேட்பது, "1200 சதுர அடிக்குள்ளேயே மூன்றுக்குப் பதில் நாலு அறை இருந்தால்?" என்பது. பரப்பைக் கூட்டாமல் ஓர் அறையைச் சேர்க்க வேண்டுமானால் ஹாலையோ மற்ற அறைகளையோ சிறிதாக்கித் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். அப்படி இடுங்கிய வீட்டுக்கு விலை குறைவது நடக்காத காரியமல்ல. ஆகவே எதிர்க்குறியைக் கண்டதும் கணக்குப் பிழைத்துவிட்டது என்று முடிவு கட்டத் தேவையில்லை.

அதேவேளை, அந்த 5 இலட்சத்தை நம்பி யாரிடமும் பேரம் பேசவும் கூடாது. இரண்டாவது வரியைப் பாருங்கள்: அறையின் நியம வழு 5.57. குணகத்தைவிட வழு பெரிது. நாலாவது வரியின் இரண்டாம் எண் 6, அது சுயாதீனப் படிகள்: பத்து வீடுகளிலிருந்து, கணித்தெடுத்த நாலு எண்களைக் கழித்தது. `=T.INV.2T(0.05,6)` என்று தட்டினால் 2.447 வரும். வழுவை அதனால் பெருக்கிக் குணகத்திலிருந்து இரு பக்கமும் நகர்ந்தால், 95 வீத நம்பிக்கைக்கான எல்லை ஏறத்தாழ -18.7 இலட்சத்திலிருந்து +8.6 இலட்சம் வரை போகிறது. கூடலாம், குறையலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இந்தப் பத்து வீடுகளால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

ஏன் என்று `=CORREL(B2:B11,D2:D11)` காட்டும்: 0.88. பரப்பும் அறையும் கிட்டத்தட்டச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. ஒரே பரப்பில் வேறு வேறு அறை எண்ணிக்கை உள்ள வீடுகள் இந்த அட்டவணையில் இரண்டே இரண்டு, 1000 சதுர அடி வீடுகள். எப்போதும் ஒன்றாகவே தோட்டத்துக்குப் போகிற இருவரில் யார் எவ்வளவு கொழுந்து பறித்தார் என்பதை மொத்த நிறையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாதல்லவா, அதே சிக்கல்தான் இதுவும்.

இதில் என்னை உறுத்துவது பரப்புக்கு நடந்ததுதான். அதன் நியம வழு 0.0076 ஆக இருந்தது, அறை வந்து சேர்ந்ததும் 0.0164 ஆகிவிட்டது. முன்பு சதுர அடிக்கு 8,800 முதல் 12,400 ரூபாய்க்குள் என்று சொல்ல முடிந்தது. இப்போது 7,900 முதல் 15,900 வரை என்றுதான் சொல்லலாம். பேரத்துக்கு இவ்வளவு அகலமான எல்லையால் பெரிய பயனில்லை. ஆர்-ஸ்கொயர் மட்டும் 0.9725-இலிருந்து 0.9759-க்கு ஏறியிருக்கிறது. அதைப் பார்த்து மகிழ வேண்டாம். எந்த நிரலைச் சேர்த்தாலும், வீட்டு இலக்கத்தைச் சேர்த்தாலும்கூட, ஆர்-ஸ்கொயர் குறையாது. பக்கத்து எண்தான் உண்மையைச் சொல்கிறது: வழக்கமான தவறு 6.32-இலிருந்து 6.40-க்குக் கூடியிருக்கிறது.

ஒரு வீட்டை வைத்துச் சோதிப்போம். 1200 சதுர அடி, 10 வருடம், மூன்று அறை. பரப்பு-வயது வழியில் 172.7 இலட்சம், மூன்றும் சேர்த்த வழியில் 173.6. ஒரு இலட்சத்துக்குள்தான் வித்தியாசம். வழக்கமான வீட்டுக்கு இந்த இரண்டில் எந்த வழியும் போதும். அதே பரப்பில் ஐந்து அறை என்று வைத்துக்கொண்டால் முதல் வழி அதே 172.7-ஐத் தரும், மூன்றாவது 163.4 என்று சொல்லும். அப்படியொரு வீடு நம் அட்டவணையில் கிடையாது. அந்த 9 இலட்ச வித்தியாசம் முழுவதும் நம்ப முடியாத அந்த ஒரு குணகத்திலிருந்து வருகிறது.

ஆகவே வீடு வாங்குபவருக்கு என் தெரிவு பரப்பும் வயதும்தான். விலை பேச ஓர் எளிய சமன்பாடு கிடைக்கிறது, அதன் எண்களும் அதிகம் ஆடாது. அறை நிரலை வைத்துக்கொள்ள வேண்டிய இடமும் உண்டு. எல்ல, நுவரெலியா பக்கம் அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு இரவு வாடகைக்கு விடும் வீடுகளில் அறை எண்ணிக்கை நேரடியாக வருமானத்தைத் தொடுகிறது. அங்கே சின்னப் பரப்பில் நிறைய அறைகளும், பெரிய பரப்பில் சில அறைகளும் உள்ள வீடுகளைத் தேடிச் சேர்த்து, பிறகு மூன்றையும் போட்டால் அறையின் விலை தனியாகத் தெரிய வாய்ப்பிருக்கிறது.

57.7 என்ற மாறிலியைக் காணியின் விலை என்று படிப்பவர்களும் உண்டு. பூச்சியம் சதுர அடி வீடு எதுவும் நம் அட்டவணையில் இல்லை, 700-க்குக் கீழே ஒன்றுமே இல்லை. கோட்டைச் சரியான உயரத்தில் நிறுத்துகிற எண் என்பதற்கு மேல் அதில் எதையும் வாசிக்க முடியாது. வயதுக்கும் அப்படியே: 5 முதல் 35 வருடம் வரைதான் தரவு. நூறு வருடம் கடந்த கருங்கல் பங்களாவுக்கு வருடத்துக்கு 121,000 ரூபாய் கழித்துக்கொண்டே போனால் அபத்தமான விலைதான் வரும். அந்தப் பங்களாவைப் பழமைக்காகவே தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

காணி எத்தனை பேர்ச், வாகனம் வாசல் வரை வருமா, மண்சரிவு அபாயம் உள்ள சரிவா என்பவை மலையகத்தில் விலையைப் பெரிதாக மாற்றும். மூன்றுமே இந்த அட்டவணையில் இல்லை. பழைய வீடுகள் தார் வீதியை ஒட்டியும் புதியவை மேட்டிலும் இருந்தால், வீதியின் விலை வயதுக் குணகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பேர்ச் நிரலை வயதுக்குப் பக்கத்தில் சேர்த்துப் பார்க்கலாம், LINEST-க்கு நிரல்கள் அடுத்தடுத்து இருந்தால் போதும். ஆனால் பத்து வீடுகளை வைத்துக்கொண்டு நிரல்களை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் சுயாதீனப் படிகள் கரைந்து, எல்லாக் குணகங்களின் எல்லைகளும் விரிந்துவிடும். முதலில் இன்னும் இருபது வீடுகளின் விபரத்தைச் சேர்க்க வேண்டும். தரகர் கேட்ட விலையை விட்டு, உறுதி எழுதும்போது உண்மையில் கைமாறிய தொகையை விசாரித்துப் போட வேண்டும்.