6,000 காலடிக்கு எத்தனை நிமிடம்? எட்டு நீளத்தை அளந்து பார்த்தேன், நிமிடத்தை எண்ணியும் பார்த்தேன்

சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கு, தினம் 6,000 ஸ்டெப்ஸ் நடங்க என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்ட கேள்விக்குத்தான் பதில் இல்லை. "அது இருக்கட்டுங்க, 6,000 அடின்னா எத்தன மணிக்குத் திரும்பி வருவீங்க? ஆறரைக்குத் தண்ணி விட்டுடுவான்."

எங்கள் வீடு சத்துவாச்சாரியில். காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு வேலூர் கோட்டைக்குப் போய், அகழியை ஒட்டி நடந்துவிட்டு வருவது பழக்கம். தண்ணீர் வரும் நாளில் பத்து நிமிடம் தாமதமானாலும் குடம் காலிதான். ஆகவே கணக்குப் போட்டே ஆக வேண்டியிருந்தது. இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரு மாதம் வைத்துப் பார்த்து, ஒன்றை விட்டுவிட்டேன்.

முதல் வழி எல்லோரும் சொல்வது. ஒரு காலடிக்கும் அடுத்த காலடிக்கும் இடையிலுள்ள நீளம், அதாவது எட்டு நீளம், எவ்வளவு என்று அளக்க வேண்டும். காலடிகளை அதால் பெருக்கினால் தூரம். தூரத்தை நடை வேகத்தால் வகுத்தால் நேரம். நம் தாத்தாக்கள் நிலத்தைத் தப்படி போட்டு அளந்தது இதில் பாதிதான். அவர்களுக்கு நேரம் தேவைப்படவில்லை.

இரண்டாவது வழியில் நீளமே வராது. ஒரு நிமிடத்தில் எத்தனை காலடி வைக்கிறோம் என்று எண்ணி, மொத்தக் காலடிகளை அதால் வகுத்துவிட்டால் முடிந்தது.

நான் முதலில் போனது எட்டு நீளத்துக்குத்தான். அளவு நாடா, மீட்டர், கிலோமீட்டர் என்று வந்தாலே கணக்கு கெட்டியாக இருப்பதுபோல ஒரு எண்ணம். கட்டட வேலை எடுத்துச் செய்யும் மச்சானிடம் 30 மீட்டர் டேப் வாங்கி வந்து கோட்டை மைதானத்தில் விரித்தேன். 44 காலடி. 30-ஐ 44-ஆல் வகுத்தால் 68 சென்டிமீட்டர். உயரத்தை 0.415-ஆல் பெருக்கினால் எட்டு நீளம் வரும் என்று ஒரு குறுக்கு வழி உண்டே, அதிலும் போட்டேன். 165 சென்டிமீட்டருக்கு 68 தான் வந்தது. இரண்டும் ஒத்துப்போனதில் ரொம்ப மகிழ்ச்சி. வேகத்துக்கு, பொதுவாகச் சொல்லும் மணிக்கு 5 கிலோமீட்டரை எடுத்துக்கொண்டேன். 6,000 காலடி என்றால் 4.08 கிலோமீட்டர், 49 நிமிடம். "ஆறு இருபதுக்கெல்லாம் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

58 நிமிடம் ஆனது. தண்ணீர் விஷயத்தை விடுங்கள்.

எங்கே ஒன்பது நிமிடம் தொலைந்தது? டேப்பில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். மறுநாள் டேப்பை விரித்து வைத்துவிட்டு, 40 நிமிடம் நடந்து களைத்த பிறகு அதன்மேல் நடந்து பார்த்தேன். 44 இல்லை, 47 காலடி. அதாவது 64 சென்டிமீட்டர். முதல் நாள் அளக்கிறோம் என்ற நினைப்பிலேயே நெஞ்சை நிமிர்த்திக் காலை நீட்டி வைத்திருக்கிறேன், அதுவும் ஷூ போட்டு. அன்றாடம் நடப்பது ரப்பர் செருப்பில். சரி, திருத்திவிடலாம் என்று 64 வைத்துப் போட்டேன். 3.84 கிலோமீட்டர், 46 நிமிடம். எண்ணைத் திருத்தத் திருத்த விடை உண்மையை விட்டு இன்னும் விலகிப் போகிறது!

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. எட்டு நீளமும் வேகமும் தனித்தனி எண்கள் இல்லை. எட்டு நீளத்தை நிமிடக் காலடிகளால் பெருக்கினால் வருவதுதான் வேகம். மணிக்கு 5 கிலோமீட்டர் என்று நான் எழுதியபோதே, 68 சென்டிமீட்டர் எட்டுக்கு நிமிடத்துக்கு 122 காலடி வைக்கிறேன் என்று எனக்குத் தெரியாமலே எழுதிவிட்டேன். எட்டை 64 ஆக்கியதும் அது 130 ஆகிவிட்டது. நான் நடப்பதோ 104. எட்டு சின்னதானால் வேகமும் குறைய வேண்டும். வேகத்தை 5 என்று ஆணியடித்து வைத்துவிட்டால், குட்டையாக எட்டு வைப்பவர் சீக்கிரம் முடித்துவிடுவார் என்று கணக்கு சொல்லும்.

எங்கள் அம்மாவை வைத்துப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். எழுபதைத் தாண்டியவர், எட்டு 45 சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். இந்த வழியில் அவருடைய 6,000 காலடி 2.7 கிலோமீட்டர், மணிக்கு 5 என்றால் 32 நிமிடம். மகன் 49, தாய் 32! அம்மா நிமிடத்துக்கு 185 காலடி வைத்தால்தான் அது நடக்கும். அது நடை இல்லை, ஓட்டம்.

வேகத்தையும் சொந்தமாக அளந்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகும். ஆனால் வேகத்தை அளக்கும்போது தூரமும் கடிகாரமும் வேண்டும். அப்படி அளந்த வேகத்துக்குள்ளேயே எட்டு நீளம் இருக்கிறது. பிறகு மேலே ஒருமுறை எட்டால் பெருக்கி, கீழே எட்டு அடங்கிய வேகத்தால் வகுக்கிறோம். இரண்டும் அடித்துக்கொண்டு போய், மிஞ்சுவது நிமிடக் காலடி மட்டும்தான். எப்படியும் அடிபட்டுப் போகிற ஒன்றுக்காக எதற்கு டேப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்?

அலைச்சல் ஒரு நாளோடு போகாது என்பதுதான் நான் அந்த வழியைக் கைவிட்ட காரணம். செருப்பு மாறினால் எட்டு மாறும். முழங்கால் வலித்தால் மாறும். மழை பெய்து ஈரமாக இருந்தால், வழுக்குமோ என்ற பயத்தில் தானாகவே குறுகும். ஒவ்வொரு முறையும் டேப்பை விரிக்க முடியுமா? நிமிடக் காலடியும் மாறத்தான் செய்கிறது. ஆனால் அதை மறுபடி பார்க்க, நடந்துகொண்டே ஒரு நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஆங்கிலத்தில் ஸ்டெப் வேறு, ஸ்ட்ரைட் வேறு. நடை ஆய்வாளர்களுக்கு ஸ்ட்ரைட் என்பது வலது கால் பதிந்த இடத்திலிருந்து அதே வலது கால் மறுபடி பதியும் இடம் வரை, அதாவது இரண்டு காலடி. சாதாரணமாகப் பேசுபவர்கள் ஒரு காலடியையே அப்படிச் சொல்வதும் உண்டு. 136-ஐப் போட வேண்டிய இடத்தில் 68-ஐப் போட்டால் தூரம் பாதியாகும், மாற்றிப் போட்டால் இரட்டிப்பாகும். 6,000 காலடிக்கு 8 கிலோமீட்டர் என்று வந்தால் இந்தக் குழப்பம்தான் என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

நிமிடக் காலடியை எண்ணுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு காலையும் எண்ணினால் நாக்கு குழறும். வலது கால் பதிவதை மட்டும் எண்ணி இரட்டித்துக்கொள்ள வேண்டும். 15 விநாடி எண்ணி 8-ஆல் பெருக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று தவறினால் நிமிடத்துக்கு 8 காலடி தவறுகிறது. 104 என்பது 96 ஆகிவிடும், 58 நிமிடம் 62-ஐத் தாண்டிவிடும். ஒரு முழு நிமிடம் எண்ணினால் ஒன்று தவறினாலும் போவது இரண்டே காலடி, அதாவது ஒரு நிமிடம் முன்பின். கிளம்பிய உடனேயும் எண்ணக் கூடாது. எனக்கு முதல் ஐந்து நிமிடம் 110 இருக்கும், கடைசியில் 98-க்கு இறங்கும். பாதி வழியில் எண்ணியதுதான் 104. 6,000-ஐ 104-ஆல் வகுத்தால் 57.7. நான் நடந்தது 58.

எண்ணவே சோம்பலாக இருந்தால் நிமிடத்துக்கு 100 என்று வைத்துக்கொள்ளலாம். மிதமான உடற்பயிற்சி என்று சொல்லும் நடை ஏறக்குறைய அந்த அளவில் தொடங்குகிறது. ஆயிரத்துக்குப் பத்து நிமிடம், 6,000-க்கு ஒரு மணி நேரம். அம்மா வயதுக்காரர்களுக்கு இது பொருந்தாது.

எந்த வழியானாலும் நிற்கும் நேரம் கணக்கில் வராது. தெரிந்தவர் ஒருவர் எதிரே வந்து மகள் கல்யாணம் பேச ஆரம்பித்தால் காலடி நின்றுவிடும், கடிகாரம் நிற்காது. அதைத் தனியே கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். நான் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்கிறேன்.

போன் காட்டும் காலடியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். என் சட்டைப் பையில் இருந்தபோது நான் எண்ணிய 100-க்கு 98 காட்டியது. அதே போனை அம்மாவின் மஞ்சப்பையில் போட்டு மெதுவாக நடக்கவிட்டால் 100-க்கு 70 சொச்சம். மெதுநடையின் அசைவு அதற்குப் போதவில்லை. இதற்கும் வழி இருக்கிறது. மொத்தக் காலடியைப் போனில் பார்ப்பதானால், நிமிடக் காலடியையும் போனிலேயே பாருங்கள். பத்து நிமிடம் நடந்து, எவ்வளவு ஏறியது என்று பார்த்துப் பத்தால் வகுத்தால் போதும். இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைந்தால் விடை கெடாது. ஒரு படியில் அளந்த நெல்லை அதே படியால் திருப்பிக் கொடுப்பதுபோல.

இவ்வளவு சொன்ன பிறகு எட்டு நீளத்துக்கும் நியாயம் சொல்ல வேண்டும். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். அங்கே நிலையாக இருப்பது பாதை, காலடி எண்ணிக்கை இல்லை. எத்தனை காலடி ஆகும் என்று தெரிய எட்டு நீளம் வேண்டும். 64 சென்டிமீட்டருக்கு 21,875 காலடி, 104-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். வேலூரிலிருந்து பஸ் ஏறும்போது இந்தக் கணக்கோடுதான் போனேன். பௌர்ணமி, வெறுங்கால், முன்னால் நடப்பவரின் குதிகாலில் இடிக்காமல் நடக்க வேண்டிய கூட்டம். முடித்தபோது போனில் 25,400 காலடி, ஆன நேரம் கிட்டத்தட்ட 4 மணி 50 நிமிடம். பிரித்துப் பார்த்தால் எட்டு 55, நிமிடக் காலடி 88. இரண்டும் சேர்ந்தே இறங்கியிருக்கின்றன. ஒரே ஒரு முறை போன அனுபவம்தான், கூட்டமில்லாத நாளில் எப்படி இருக்கும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மொட்டை மாடியில் ஒரு சுற்றுக்கு 110 காலடி. ஒரு சுற்று முடிந்தால் திண்டின்மேல் ஒரு புளியங்கொட்டை வைப்பார். 20 கொட்டை என்றால் 2,200 காலடி, அவருடைய 85-க்கு 26 நிமிடம். "கணக்கெல்லாம் நீ போடுப்பா, சீரியலுக்கு முன்னாடி முடியுதான்னு மட்டும் சொல்லு" என்கிறார். ஏழு மணிக்கு ஏறினால் ஏழரைக்குள் முடிகிறது.